பதினோரு வருட மெஸ்ஸுக்கு மாவு கொடுப்பதை நிறுத்த வேண்டும்: எப்படிச் சொல்வது, என்ன எழுதுவது?

ஈரோட்டு மாவுக்கடை

வணக்கம். ஈரோட்டில் வீட்டின் பின்கட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறோம். கல்லூரி அருகில் உள்ள ஒரு மெஸ்ஸுக்குப் பதினோரு வருடங்களாக நாங்கள்தான் மாவு. நாளொன்றுக்கு 60 கிலோ, ஞாயிறு மட்டும் 80. கிலோ 36 ரூபாய். விடிகாலை நான்கரைக்கு மாவு அங்கே இறங்கிவிட வேண்டும்.

இனிமேல் முடியாது. எங்களிடம் இரவில் அரைக்கிற அம்மா பொங்கலுக்குத் தன் மகள் ஊருக்குப் போகிறார், திரும்பி வரப்போவதில்லை. வண்டி ஓட்டும் என் கணவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பகலில் மட்டும் அரைத்து, அரைக் கிலோ பாக்கெட்டாகக் கடைகளுக்குப் போடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

மெஸ்காரர் எனக்கு அண்ணன் மாதிரி. ஆனால் சமீபமாகக் கணக்கை அவர் மகன் பார்க்கிறார், பணம் இழுக்கிறது. இன்றைய தேதிக்கு 86,400 ரூபாய் நிற்கிறது. நான் எழுதிவைத்திருப்பது இதுதான்:

"அன்புள்ள அண்ணா, தவிர்க்க முடியாத சில சூழ்நிலைகளால், விரைவில் மாவு சப்ளையைத் தொடர இயலாத நிலை ஏற்படலாம் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தாங்கள் இதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொள்வீர்கள் என நம்புகிறோம்."

இது போதுமா? அண்ணன் மனம் நோகக் கூடாது.

கறிவேப்பிலை

விலை ஏற்றக் கடிதத்துக்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை அம்மா. உளுந்து விலை எல்லோருக்கும் தெரியும். 36-ஐ 42 ஆக்குகிறேன், ஒன்றாம் தேதி முதல் நடைமுறை என்று இரண்டு வரி எழுதுங்கள். நானும் என் முறுக்குக் கடைக்கு அப்படித்தான் செய்தேன்.

ஈரோட்டு மாவுக்கடை

விலை ஏற்றவில்லை ஐயா. கொடுப்பதையே நிறுத்துகிறேன்.

வேகமணி

86 ஆயிரம் பாக்கி வைத்திருக்கிற ஆளுக்குக் கடிதம் ஒரு கேடா? நாளைக் காலையே நிறுத்துங்கள், பணம் தானாக வரும். சிறுதொழில் சட்டத்தில் 45 நாள் என்று இருக்கிறது. 45 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும், அதற்கு மேல் அவர் வாய் திறக்க முடியாது. தாமதமான பணத்துக்கு மூன்று மடங்கு வட்டியும் கேட்கலாம்.

கணக்குப்பிள்ளை

வேகமணி சொல்வதில் பாதி சரி. 45 நாள் என்பது 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தில் வாங்கியவர் பணம் கொடுக்க வேண்டிய கெடு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதற்கு மேல் நீட்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு இன்னும் குறைவு, 15 நாள்தான். சப்ளையை நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வட்டியும் உண்டுதான். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருக்க வேண்டும். அம்மா, பதிவு செய்திருக்கிறீர்களா? இன்று பதிந்துவிட்டுப் பழைய பில்லுக்கு அந்த வழியில் போவது சிக்கல்.

எப்படி இருந்தாலும் அந்தச் சட்டம் இந்தக் கடிதத்தில் வரக் கூடாது. பதினோரு வருடத்து ஆளிடம் விடைபெறும் தாளில் சட்டப் பிரிவைப் பார்த்தால், அவர் மற்ற வரிகள் எதையும் படிக்க மாட்டார்.

உங்கள் வரைவுக்கு வருகிறேன். அதைப் படித்தால் என்றைக்கு நிறுத்துகிறீர்கள் என்று தெரியவில்லை, நிறுத்துகிறீர்களா என்றே தெரியவில்லை. "விரைவில்" எப்போது? "ஏற்படலாம்" என்றால் ஏற்படாமலும் போகலாம் அல்லவா? "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்று படித்ததும் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு "என்ன சூழ்நிலை?" என்று கேட்பார். நீங்கள் வாயால் சொல்வீர்கள், அவர் அதற்கு ஒரு வழி சொல்வார், கடிதம் அங்கேயே செத்துப்போகும்.

லேத் பட்டறை

என் கதையும் இதேதான். கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்துகிறேன் என்று சொன்னதும் ஆறு மாதத் தேவையை ஒரே ஆர்டராகப் போட்டுவிட்டார்கள். கடைசி ஆர்டர் எப்போது வரை, அதிகபட்சம் எத்தனை என்று நான் எழுதவில்லை. இரண்டு ஷிஃப்ட் ஓட்டித்தான் முடித்தேன். அவர்கள் கொடுத்திருந்த ஜிக், கேஜ் எல்லாவற்றையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது தனி வேலை. நீங்களும் கடைசி ஆர்டர் அளவைக் கட்டாயம் எழுதுங்கள்.

மெஸ் நடத்துகிறவன்

மாவை யார் ஆறு மாதத்துக்கு வாங்கி வைப்பார்கள் பட்டறைக்காரரே, இரண்டாம் நாளே புளித்துப் பொங்கி வாளியை விட்டு வெளியே வந்துவிடும். ஆனால் பாத்திரக் கணக்கு நியாயமான பேச்சு. என் சமையல் கட்டில் யார் யாருடைய வாளி கிடக்கிறது என்று எனக்கே தெரியாது.

நான் வாங்குகிற பக்கம் இருப்பவன். திருச்சியில் சின்ன மெஸ். மாவு கொடுப்பவர் நிறுத்தினால் எனக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன், அதிலிருந்து தேதியை முடிவு செய்யுங்கள்.

60 கிலோ மாவு என்றால் நானே அரைக்க 20 லிட்டர் டில்டிங் கிரைண்டரில் நான்கு ஈடு போட வேண்டும். கிரைண்டர் வாங்க வேண்டும், இடம் வேண்டும், மதியமே ஊறப்போட்டு மாலையில் அரைக்க ஆள் வேண்டும். இல்லையென்றால் வேறு மாவுக்காரர். அவர் மாவில் என் மாஸ்டருக்குக் கை பழக வேண்டும். ஒருவர் மாவு கெட்டியாக இருக்கும், ஒருவர் உளுந்தைக் குறைத்திருப்பார், இட்லி கல்லாகிவிடும். நான் புது ஆள் மாற்றியபோது முதல் வாரம் சாம்பார் வாளியோடு என் மேசைக்கே வந்து சண்டை போட்டவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் மார்கழி. மற்ற மாதங்களில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு, மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரமானாலும் சோம்பிக் கிடக்கும். உங்களிடம் அரைக்கிற அம்மாவுக்கு அது தெரியும், அரைவையை முன்கூட்டியே முடித்திருப்பார், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் விட்டிருப்பார். புது ஆள் முதல் நாள் கொடுக்கிற மாவு எழும்பாது. "பழைய மாவு போல இல்லை" என்று மாஸ்டர் சொல்வார். மகன் உடனே உங்களைக் கூப்பிடுவார். அதனால் புது ஆளுடைய மாவு சோதனை டிசம்பர் முதல் வாரத்திலேயே, குளிர் இறங்கும் முன்பே, தொடங்கட்டும். உங்கள் மாவும் வரும்போதே பத்துக் கிலோ புது மாவு பக்கத்தில் இருந்தால் யார் வயிறும் காயாது.

வேகமணி

புது ஆளைத் தேடிக் கொடுப்பதும் இவர் வேலையா?

மெஸ் நடத்துகிறவன்

வேலை இல்லை. ஆனால் ஊரில் மொத்தமாக அரைப்பவர் யார் என்று எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். இரண்டு பேர் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும். நல்ல மாவு என்று உத்தரவாதம் கொடுக்க வேண்டாம், எண் மட்டும்.

கணக்குப்பிள்ளை

தேதியைப் பற்றி மெஸ்காரர் சொல்வது அனுபவம். அதோடு ஒன்று. உங்கள் தேதி உங்கள் காரணத்திலிருந்தே பிறக்கிறது. அரைக்கிற அம்மா பொங்கலுக்கு முன் கிளம்புகிறார், அதற்குப் பிறகு அரைக்க ஆள் இல்லை. இப்படிப்பட்ட தேதியை யாரும் பேரம் பேச மாட்டார்கள். "டிசம்பர் 31" என்று சும்மா மாதக் கடைசியைப் போட்டிருந்தால் "இன்னும் பதினைந்து நாள் தள்ளலாமே" என்று கேட்க இடம் இருந்திருக்கும்.

ஜனவரி 13-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொண்டால், அதைக் காலை நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் தொழிலில் 12-ஆம் தேதி இரவு அரைப்பது 13-ஆம் தேதி காலை இறங்குகிறது. "13 வரை" என்று மட்டும் எழுதினால், 13 இரவு அரைத்து 14 காலை வருமா வராதா என்று ஒரு நாள் இட்லி தகராறாகும்.

காரணத்தில் விலையைத் தொடாதீர்கள். மகன் பணம் இழுப்பதையும் தொடாதீர்கள். அவர் சரிசெய்யக்கூடிய காரணத்தை எழுதினால், அவர் அதைச் சரிசெய்துவிட்டு வந்து நிற்பார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டித் தருவார், அப்புறம் எப்படி மறுப்பீர்கள்? ஆள் இல்லை, முழங்கால் சரியில்லை, இரவு அரைவையே நின்றுபோகிறது. இதில் அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. உண்மையும் அதுதான்.

ஒரு கேள்வி. விடிகாலையில் வேறு யாருக்காவது கொடுக்கிறீர்களா?

ஈரோட்டு மாவுக்கடை

பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி டிபன் கடைக்குப் பத்துக் கிலோ. வண்டி போகிற வழி என்பதால் கொடுக்கிறோம். உத்யம் பதிவு இல்லை ஐயா.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் தள்ளுவண்டிக்கும் அதே தேதியில் நிறுத்த வேண்டும். "இரவு அரைவை இல்லை" என்று இவருக்கு எழுதிவிட்டு அவருக்குக் கொடுத்தால், ஈரோட்டில் அது மறுநாளே தெரிந்துவிடும்.

இப்போது பணம். இங்கேதான் வேகமணி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சப்ளை நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் சிலர் பழைய பாக்கியைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள், நாளைக்கு வேண்டிய மாவுக்காரருக்குத்தான் முதலில் பணம் போகும். அதற்காக நாளையே நிறுத்தினால் மெஸ்ஸில் காலை டிபன் படுத்துவிடும், அந்தக் கோபத்தில் பணம் இன்னும் தள்ளிப்போகும். மாவு போய்க்கொண்டிருக்கும்போதே பாக்கியைக் கரைத்துவிட வேண்டும்.

கணக்கு இப்படி வருகிறது. வாரத்துக்கு ஆறு நாள் 60, ஞாயிறு 80, மொத்தம் 440 கிலோ, 15,840 ரூபாய். இன்று நவம்பர் நடு. ஜனவரி 13-க்கு முழுசாக எட்டு வாரம் இருக்கிறது. 86,400-ஐ எட்டால் வகுத்தால் 10,800. ஆக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்துப் பில்லும் பழையதில் 10,800-உம் சேர்த்து 26,640 வாங்கினால், எட்டாவது சனியோடு பழைய பாக்கி முடிகிறது. கடைசிச் சில நாள் மாவுக்கான பணம் மட்டும் நிற்கும். மெஸ்ஸின் தினசரி வசூலில் இது கொடுக்க முடியாத தொகை இல்லை.

பாக்கியைக் கடிதத்தின் கீழே ஒரே வரியில் எண்ணாக எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன், கணக்கு சரி" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். விற்ற சரக்குக்கு வழக்குப் போட மூன்று வருடக் கெடு. கெடு முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் நாளைக்கு மகன் "அவ்வளவு இல்லையே" என்று சொல்ல முடியாது பாருங்கள்.

மெஸ் நடத்துகிறவன்

கையெழுத்து கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினோரு வருடம் நோட்டுப் புத்தகத்தில் ஓடிய கணக்கு. என்னிடம் ஒருவர் அப்படி நீட்டினால், "இத்தனை நாள் இவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது" என்றுதான் நினைப்பேன். வழக்கமான நோட்டில் மொத்தம் போட்டு, அதில் ஒரு கையெழுத்து வாங்கினால் போதாதா?

கணக்குப்பிள்ளை

நோட்டும் எழுத்துதான். தொகையும் கையெழுத்தும் தேதியும் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஈரோட்டு மாவுக்கடை

எல்லோருக்கும் நன்றி. திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக உங்கள் மெஸ்ஸுக்கு மாவு கொடுத்துவருகிறோம். ஜனவரி 13 காலை நான்கரைக்கு இறக்கும் மாவோடு இதை நிறுத்திக்கொள்கிறோம்.

இரவில் அரைக்கும் அம்மா பொங்கலுக்கு முன் மகள் ஊருக்குக் குடிபோகிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு விடிகாலை வண்டி ஓட்ட இவருக்கு முடிவதில்லை. அதனால் ஜனவரி 13-க்குப் பிறகு இரவு அரைவையே இருக்காது. பகலில் மட்டும் அரைத்துப் பாக்கெட் போடப் போகிறோம். விடிகாலையில் யாருக்கும் மாவு கொடுக்க இயலாது.

அதுவரை அளவிலும் விலையிலும் நேரத்திலும் மாற்றம் இல்லை. புது இடத்து மாவை டிசம்பர் முதல் வாரத்திலேயே சிறிது வாங்கிப் பார்த்துக்கொண்டால் மாஸ்டருக்குப் பழகும். அந்த நாட்களில் எங்கள் அளவைக் குறைக்க வேண்டுமானால் முதல் நாள் மதியத்துக்குள் சொன்னால் போதும். ஊரில் மொத்தமாக அரைத்துக் கொடுக்கும் இருவருடைய எண்களைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்றைய பாக்கி ரூ. 86,400. சனிக்கிழமைதோறும் அந்த வாரப் பில்லோடு இதில் ரூ. 10,800 சேர்த்துக் கொடுத்தால் பொங்கலுக்கு முன் கணக்கு நேராகிவிடும். எங்கள் மூடி வாளிகள் 14 அங்கே இருக்கின்றன. கடைசி வாரத்தில் வண்டியிலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்.

நாங்கள் தொழில் தொடங்கிய வருடத்தில் முதலில் மாவு வாங்கியவர் நீங்கள். அதை நாங்கள் மறக்கவில்லை."

கணக்குப்பிள்ளை

நன்றாக வந்திருக்கிறது. "மதியத்துக்குள் சொன்னால் போதும்" என்ற வரி நான் யோசிக்காதது. ஊறப்போட்ட பிறகு சொன்னால் அரிசி உங்கள் தலையில்தான்.

மெஸ் நடத்துகிறவன்

கடிதத்தை ஆளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து மூன்றரை, நான்கு மணிக்குக் கல்லா சும்மா இருக்கும். நீங்களே போய், வாயால் சொல்லிவிட்டு, பிறகு தாளைக் கொடுங்கள். அதுவும் சீக்கிரம். அரைக்கிற அம்மா போகிறார் என்று வண்டியில் வருகிற பையன் என் மாஸ்டர் மாதிரி ஒரு மாஸ்டரிடம் சொல்லிவிட்டால், அண்ணன் அதைச் சமையல் கட்டிலிருந்துதான் கேள்விப்படுவார்.

வேகமணி

நான் அப்படியே நேர் எதிர். முதலில் தாள், பிறகு பேச்சு. நேரில் போனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி, மாசி வரை பார்க்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள்.

ஈரோட்டு மாவுக்கடை

நேற்று மாலை போய்விட்டு வந்தேன். கணவரும் கூட வந்தார். முழங்காலை அண்ணனே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதுபோலவே, அண்ணன் கேட்ட முதல் கேள்வி "கிலோவுக்கு என்ன வேண்டும், சொல்" என்பதுதான். தாளைக் காட்டி, விலை இல்லை அண்ணா, அரைக்க ஆள் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் படித்தார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டு, நம் சமையல் கட்டில் கிரைண்டர் போட இடம் எங்கே இருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார். நோட்டில் மொத்தம் போட்டுக் கையெழுத்தும் போட்டார், முகம் சுளிக்கவில்லை. சனிக்கிழமைக் கணக்குக்கு "ஆகட்டும்" என்றார்.

சிக்கல் மகன். வெளியே வந்து, "தினமும் வேண்டாம் அக்கா, ஞாயிறு மட்டும் 80 கிலோ கொடுங்கள். சனிக்கிழமை பகலிலேயே அரைத்துவிடுங்கள், வண்டியை நான் அனுப்புகிறேன்" என்றார். வண்டியும் அவருடையது, இரவு அரைவையும் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வேகமணி

பார்த்தீர்களா! முடியாது என்று சொல்லுங்கள்.

மெஸ் நடத்துகிறவன்

ஏன் முடியாது? அவர்கள் வண்டி, பகல் அரைவை, வாரத்துக்கு 2,880 ரூபாய். உங்கள் கடிதத்துக்கு முரணாக எதுவும் இல்லையே. ஒன்று மட்டும் பாருங்கள். சனிக்கிழமை மதியம் அரைத்தால் இரவு பத்து மணிக்கே பொங்கிவிடும். அவர்கள் சமையல் கட்டில் குளிர்பெட்டி இல்லையென்றால் ஞாயிறு காலை புளிப்பு ஏறியிருக்கும், பழி உங்கள் மாவுக்கு.

கணக்குப்பிள்ளை

நான் வேண்டாம் என்பேன், ஆனால் வேகமணி காரணத்துக்காக இல்லை. சனிக்கிழமைதான் பாக்கெட் மாவு கடைகளில் அதிகம் போகும் நாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டு இட்லிக்கு. அன்றைய பகலில் 80 கிலோவை மெஸ்ஸுக்கு ஒதுக்கினால் புதுத் தொழிலின் நல்ல நாளை விட்டுக்கொடுக்கிறீர்கள். அதோடு, சப்ளை ஓடும்வரை பழைய பாக்கியும் ஓடும்.

லேத் பட்டறை

பொங்கல் கழித்துப் பேசலாம் தம்பி என்று சொல்லிவிடுங்கள். முதலில் 14 வாளியும் வீடு வந்து சேரட்டும்.

ஈரோட்டு மாவுக்கடை

கணவர் மெஸ்காரர் சொல்வதுதான் சரி என்கிறார், எனக்குக் கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது சரி என்று படுகிறது. இப்போதைக்குத் தம்பியிடம், ஜனவரி 13 காலையோடு இந்தக் கணக்கை முடித்துக்கொள்வோம், அதன் பிறகு கேட்பதானால் புதிதாக, கையில் காசு கொடுத்து வாங்குகிற கணக்காக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. நாளைதான் முதல் சனிக்கிழமை, 26,640 வருகிறதா என்று பார்க்க வேண்டும்.